ஒரு தம்ளர் டார்க் ரோஸ்ட் ஏன் எடை குறைகிறது: காளவாசல் காபிக் கடை ஒன்றின் கணக்கு

மதுரை காளவாசல் பக்கம் காபிக் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் என்னிடம் வறுத்த கொட்டை வாங்குகிறார். பொடியாக வாங்க மாட்டார். கடையிலேயே ஒரு சின்ன அரவை மெஷின் இருக்கிறது. ஒவ்வொரு முறை பில்டர் போடும்போதும் அப்போதைக்கு அரைத்துக்கொள்வார். சிக்கரியும் சேர்ப்பதில்லை. கொட்டையை அளக்க ஒரு எவர்சில்வர் தம்ளர், ஒரு பில்டருக்கு மூன்று தம்ளர் தலைதட்டி, 1.8 லிட்டர் வெந்நீர். இவ்வளவுதான் அவர் முறை. தராசு கிடையாது, பல வருடமாகத் தேவைப்பட்டதும் இல்லை.

சாயங்கால வாடிக்கையாளர்கள் காபி இன்னும் தூக்கலாக வேண்டும் என்று கேட்க ஆரம்பித்ததால், லைட் ரோஸ்டை விட்டு டார்க்குக்கு மாறினார். கீழ்ப்பழனி மலைத் தோட்டத்து அரபிகா, பிளான்டேஷன் ஏ தரம், அதே சாக்கு. நான் மாற்றியது வறுக்கும் அளவை மட்டும்தான். அப்புறம்தான் போன் வந்தது.

“தம்பி, இந்தத் தடவை கொட்டை சரியில்லப்பா. கசக்குது, ஆனா தண்ணியா இருக்கு.”

பேச்சோடு பேச்சாக அவர் சொன்ன மற்ற மூன்று விஷயங்களைத்தான் நான் குறித்துக்கொண்டேன். ஒரு கிலோ கொட்டை வழக்கமாகப் போட்டு மூடும் தகர டப்பாவில் இந்த முறை கொள்ளவில்லை, மிச்சத்தைக் கவரிலேயே வைத்திருக்கிறார். இரண்டாவது, கிலோ முன்பைவிட அதிக நேரம் தாக்குப்பிடிக்கிறது. மூன்றாவது, பில்டரில் இறங்கும் டிகாஷன் முன்பைவிடக் கூடுதலாக இருக்கிறது. அவருக்கு இதில் முதல் இரண்டும் லாபமாகத் தெரிந்தன, புகார் டிகாஷன் தண்ணியாக இருப்பதைப் பற்றி மட்டும்தான். எனக்கோ நான்கும் ஒரே இடத்தைக் காட்டின.

முதலில் தள்ள வேண்டியதைத் தள்ளினோம்

காபி தண்ணியாக இருக்கிறது என்றால் எல்லாரும் முதலில் சந்தேகப்படுவது சரக்கைத்தான். பழைய கொட்டையோ, எடை குறைத்துக் கட்டியதோ, வேறு ஏதாவது கலந்ததோ என்று பேச்சு போகும். அவரும் அப்படித்தான் நினைத்தார், அதில் தப்பில்லை. நான் போகும்போது எலக்ட்ரானிக் தராசை எடுத்துக்கொண்டு போனேன். பிரிக்காத கவர் ஒன்றை வைத்தால் கிலோ சரியாக இருந்தது. கொட்டை பழசு என்றால் வாசனை போயிருக்கும், எண்ணெய்ச் சிக்கு நாற்றம் வரும், இதில் இரண்டும் இல்லை. பழசானால் கொட்டை கனம் குறைந்துவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். வறுத்த கொட்டை வைத்திருக்க வைத்திருக்கக் கரியமில வாயுவை மெல்ல விடும்தான், ஆனால் அந்த வாயுவின் எடை மிகவும் குறைவு. திறந்து வைத்தால் காற்றின் ஈரத்தை இழுத்து எடை கூடத்தான் செய்யும்.

அரவை மெஷினின் பல்லும் பில்டரின் துளையும் பழையபடியேதான். தண்ணீர் அளவும் மாறவில்லை. மீதி இருந்தது அந்தத் தம்ளர்.

போன லைட் ரோஸ்ட் கவரில் கொஞ்சம் மிச்சம் இருந்தது நல்லதாகப் போயிற்று. தம்ளரைத் தராசில் வைத்து எடையைப் பூஜ்யமாக்கினோம். லைட் ரோஸ்டை ஒரு சாண் உயரத்திலிருந்து தானாக விழும்படி கொட்டி, தட்டாமல், குலுக்காமல், மேலே ஒரு ஸ்கேலால் வழித்தோம். 98 கிராம். அதே தம்ளர், அதே கை, டார்க் ரோஸ்ட்: 79 கிராம். திரும்பக் கொட்டிப் பார்த்தால் ஒன்றிரண்டு கிராம் இப்படி அப்படி வந்ததே தவிர, இரண்டுக்கும் இடையில் உள்ள தூரம் குறையவில்லை.

தட்டாமல் குலுக்காமல் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. தம்ளரை மேசையில் நாலு தட்டு தட்டினால் கொட்டைகள் நெருங்கி உட்கார்ந்து, இன்னும் ஒரு பிடி கொள்ளும். ஆய்வுக்கூடங்களில் முழுக்கொட்டையின் அடர்த்தியை அளக்க ஐஎஸ்ஓ 6669 என்று ஒரு முறை இருக்கிறது. அதிலும் அடிப்படை இதுதான்: புனல் போன்ற ஒன்றிலிருந்து கொட்டை தானாக இறங்கி, அளவு தெரிந்த பாத்திரத்தை நிரப்ப வேண்டும். கடையில் அவ்வளவு நுட்பம் வேண்டாம். இரண்டு வறுவலையும் ஒரே மாதிரி கொட்டினால் போதும்.

கொட்டைக்கு உள்ளே என்ன நடந்தது

அந்தத் தம்ளர் ஏறக்குறைய கால் லிட்டர் பிடிக்கும். 98 கிராம் என்றால் லிட்டருக்கு 395 கிராம் அளவில் வருகிறது, 79 கிராம் என்றால் லிட்டருக்கு 320 கிராமுக்குக் கொஞ்சம் கீழே. வறுக்காத பச்சைக் கொட்டை லிட்டருக்கு 700 கிராம் வரை நிற்கும். ஆகப் பச்சையிலிருந்து டார்க் வரைக்கும் போவதற்குள் ஒரு லிட்டர் கொட்டையின் எடை பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது.

இது எப்படி என்று பார்க்க, ஒரு கிலோ பச்சைக் கொட்டையை எடுத்துக்கொள்வோம். குவித்து அளந்தால் அது சுமார் 1.43 லிட்டர். வறுக்கும்போது இதற்கு இரண்டு காரியங்கள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. எடை குறைகிறது, உருவம் பெருக்கிறது.

எடை குறைவது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. பச்சைக் கொட்டையில் நூற்றுக்குப் பதினொன்று போல ஈரம் இருக்கும். டிரம்மில் சூடு ஏற ஏற அது ஆவியாகிப் போகிறது. கொட்டையின் சூடு 200 டிகிரிக்கு அக்கம்பக்கம் வரும்போது உள்ளே அடைபட்ட நீராவி கொட்டையை விரிசல் விட வைக்கும், சடசடவென்று சத்தம் கேட்கும். பட்டறையில் இதை பர்ஸ்ட் கிராக் என்போம். அது ஓய்ந்ததும் இறக்கினால் லைட் ரோஸ்ட். என் கணக்கில் கிலோவுக்கு 870 கிராம் தேறும். அதற்கு மேலும் சூடு கொடுத்துப் போனால், 225, 230 டிகிரி பக்கத்தில் இரண்டாவது சத்தம் வரும். இது சன்னமானது, காய்ந்த சருகு நொறுங்குகிற மாதிரி இருக்கும். செகண்ட் கிராக். அதற்குள் கொஞ்சம் தூரம் போய், மேலே எண்ணெய் பளபளக்க ஆரம்பிக்கும்போது இறக்கியதுதான் அண்ணனுக்குக் கொடுத்த டார்க். கிலோவுக்கு 820 கிராம்.

லைட்டுக்கும் டார்க்குக்கும் நடுவில் போன அந்த 50 கிராம் தண்ணீர்தான் என்று பலர் சொல்வார்கள். அப்படி இல்லை. லைட்டாக இறக்கும்போதே ஈரத்தில் பெரும்பகுதி போய்விட்டது. கொட்டையில் மிஞ்சியிருப்பது நூற்றுக்கு இரண்டு போலத்தான். அதற்கு அப்புறம் குறைகிற எடையில் பெரும்பங்கு கொட்டையின் சொந்தச் சரக்கு. சர்க்கரை, நார், அமிலம் என்று உள்ளே இருப்பவை சிதைந்து கரியமில வாயுவாகவும் நீராவியாகவும் புகையாகவும் வெளியேறுகின்றன. டார்க் வறுக்கும்போது புகைபோக்கியைப் பார்த்தாலே தெரியும்.

இனி உருவம். கொட்டைக்குள் லட்சக்கணக்கான நுண்ணறைகள் உண்டு, கெட்டியான சுவர் உள்ளவை. சூட்டில் அந்தச் சுவர் இளகிக்கொடுக்கும். உள்ளே உண்டாகிற ஆவியும் வாயுவும் அதை வெளியே தள்ளும். கொட்டை உப்புகிறது, அறைகள் காலியாகின்றன, ஆறிய பின்பு சுவர் அப்படியே விறைத்து நின்றுவிடும். அரிசி பொரியாகிற கதைதான் இது: மணி அதேதான், படிக்கு நிற்கும் எடை வேறு. என் 870 கிராம் லைட் ரோஸ்டை அளந்தால் 2.2 லிட்டர், 820 கிராம் டார்க்கை அளந்தால் 2.57 லிட்டர். பச்சையாக இருந்தபோது 1.43 லிட்டர்தான் என்பதை இதோடு வைத்துப் பாருங்கள்.

இப்போது தம்ளரில் ஏன் 19 கிராம் குறைந்தது என்பதைப் பிரித்துப் பார்க்கலாம். டார்க்கில் எடை, லைட்டில் இருந்ததில் நூற்றுக்கு 94 பங்கு. இதனால் மட்டும் குறைந்திருந்தால் 98 கிராம் 92 ஆகியிருக்கும், அண்ணன் கவனித்திருக்கவே மாட்டார். மிச்சம் 13 கிராம் குறைந்தது கொட்டை பெருத்ததால். பெருத்த கொட்டை தம்ளரில் குறைவான எண்ணிக்கையில்தான் உட்காரும். காபிக் கடைக்காரர்கள் பொதுவாக “டார்க்ல எடை கருகிப் போயிடுது” என்று சொல்வது உண்மையில் சின்னப் பங்கு. பெரிய பங்கு வீக்கம்.

அடர்த்தி என்று சொல்லும்போது இரண்டு விஷயங்கள் கலந்துவிடுகின்றன, அதையும் இங்கேயே பிரித்துவிடுகிறேன். ஒன்று, ஒரு தனிக் கொட்டையின் அடர்த்தி. ஒரு தம்ளர் தண்ணீரில் பச்சைக் கொட்டையைப் போட்டால் அடியில் போய் உட்காரும், ஏனென்றால் அது தண்ணீரைவிடக் கனமானது. வறுத்த கொட்டையைப் போட்டால் மிதக்கும். லைட்டும் மிதக்கும், டார்க்கும் மிதக்கும், ஆகவே இந்தச் சோதனையை வைத்து வறுவலைப் பிரிக்க முடியாது. இன்னொன்று குவியலின் அடர்த்தி, அதாவது கொட்டைகளுக்கு நடுவே உள்ள காற்றையும் சேர்த்து ஒரு லிட்டருக்கு எத்தனை கிராம் என்பது. தம்ளர் அளப்பது இரண்டாவதை. அதனால் கொட்டையின் வடிவமும் கணக்கில் நுழையும். பழத்துக்குள் ஒற்றை மணியாக விளையும் பீபெரி உருண்டையாக இருப்பதால் தட்டைக் கொட்டையைவிடக் கொஞ்சம் நெருங்கி உட்காரும்.

பில்டரில் அது என்ன செய்தது

தம்ளருக்கு 19 கிராம் என்றால் மூன்று தம்ளருக்கு 57 கிராம். முன்பு ஒரு பில்டருக்கு 294 கிராம் போய்க்கொண்டிருந்த இடத்தில் இப்போது 237 கிராம். ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஆனால் டிகாஷன் அதைவிட அதிகமாக நீர்த்துப் போயிருந்தது. அண்ணன் சொன்ன அந்த மூன்றாவது விஷயம், டிகாஷன் கூடுதலாக இறங்குகிறது என்பது, இங்கேதான் வேலைக்கு வருகிறது.

பில்டரில் ஊற்றுகிற தண்ணீர் முழுக்கக் கீழே வராது. காபிப் பொடி தன் எடையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். 294 கிராம் பொடி 590 மில்லியைப் பிடித்துக்கொண்டால், ஊற்றிய 1.8 லிட்டரில் கீழே இறங்குவது 1.2 லிட்டர் சொச்சம். 237 கிராம் பொடி 475 மில்லியைத்தான் பிடிக்கும், கீழே 1.3 லிட்டருக்கு மேல் வரும். பொடி குறைந்தது, அதிலிருந்து இறங்கும் சாறு குறைந்தது, அது பரவுகிற தண்ணீரோ கூடிவிட்டது. பொடியில் ஐந்தில் ஒரு பங்கு கரைந்து வருகிறது என்று வைத்துக்கொண்டால், முன்பு 100 மில்லி டிகாஷனில் 4.9 கிராம் இருந்தது இப்போது 3.6 கிராம். கால் பங்குக்குச் சற்று மேல் குறைவு. நடைமுறையில் பொடி குறையும்போது கிராமுக்குக் கொஞ்சம் அதிகமாகவே கரைந்து வரும் என்பதால் வித்தியாசம் இதைவிடச் சற்றுக் குறையலாம். ஆனாலும் பாலில் ஊற்றும்போது நிறத்திலேயே தெரிகிற அளவு அது.

கசப்பு மட்டும் எப்படித் தங்கியது என்றால், டார்க் வறுவலின் கசப்பு வறுவலிலிருந்தே வருவது. குறைந்த அளவிலும் நாக்கு அதைப் பிடித்துவிடும். கூடவே பொடி குறைந்து தண்ணீர் கூடும்போது, பொடி கடைசிச் சொட்டு வரை கழுவப்பட்டு, கடைசியில் வருகிற கசப்பான பகுதியும் சேர்ந்து இறங்கும். “கசக்குது, ஆனா தண்ணியா இருக்கு” என்று அவர் சொன்னது ரொம்பச் சரியான விவரிப்பு. வறுவல் கெட்டால் இப்படி இருக்காது. கருகிவிட்டால் கசப்போடு சாம்பல் வாடை வரும், டிகாஷன் நீர்த்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

மற்ற இரண்டையும் இதே எண்களில் பார்த்துவிடலாம். ஒரு கிலோ லைட் ரோஸ்ட் 2.5 லிட்டர் இடம் எடுக்கும், ஒரு கிலோ டார்க் 3.1 லிட்டர். அவருடைய டப்பா மூன்று லிட்டருக்குக் கொஞ்சம் குறைவானது, அவ்வளவுதான். கிலோ அதிக நேரம் தாக்குப்பிடித்த கதையும் அப்படியே: பில்டருக்கு 294 கிராம் என்றால் பத்துக் கிலோவில் 34 பில்டர், 237 என்றால் 42. அந்த எட்டு பில்டர் வாடிக்கையாளர் தம்ளரிலிருந்து எடுத்தது.

இதில் பணக் கணக்கு நேர்மாறாகத்தான் நிற்கிறது. ஒரு கிலோ லைட் ரோஸ்ட் செய்ய எனக்கு 1.15 கிலோ பச்சைக் கொட்டை போதும். டார்க்குக்கு 1.22 கிலோ வேண்டும், சூடும் நேரமும் தனி. கிராமுக்கு டார்க்தான் விலை கூடியது. தம்ளரால் அளக்கிறவருக்கு மட்டும் அது சல்லிசாகத் தெரியும்.

சரி செய்தது

முதலில் எல்லாருக்கும் தோன்றுகிற தீர்வு தம்ளரைக் கூட்டுவது. 294 கிராம் வர டார்க்கில் மூன்றே முக்கால் தம்ளர் போட வேண்டும். அது நடக்கும், ஆனால் முக்கால் தம்ளரைக் கண்ணளவில் பிடிப்பது காலை ஏழு மணிக் கூட்டத்தில் ஆகிற காரியம் இல்லை. அண்ணன் கடையில் வேலை பார்க்கும் பையனிடம் கேட்டோம், அவனுக்குத் தராசுதான் சுலபமாக இருந்தது. கிரைண்டருக்குப் பக்கத்தில் ஒரு தட்டுத் தராசு வைத்தாயிற்று.

எடையைப் பழையபடி 294 கிராமுக்குக் கொண்டுவந்ததும் இரண்டு சின்னத் தொல்லைகள் கிளம்பின. அரைத்த பொடி மேல்பாத்திரத்தில் முன்பைவிட உயரமாக நின்றது, அடர்த்தி குறைந்தது என்பதன் மறுபக்கம் அது. தண்ணீர் ஊற்றியதும் பொடி உப்பி விளிம்பைத் தொட்டது. தண்ணீரை ஒரே தடவையில் ஊற்றாமல், முதலில் பொடி நனைகிற அளவு ஊற்றி, அது அடங்கிய பின் மிச்சத்தை ஊற்றச் சொன்னேன். புதிதாக வறுத்த டார்க்கில் வாயு அதிகம் என்பதால் இது எப்படியும் நல்ல பழக்கம்.

இரண்டாவது தொல்லை, டிகாஷன் இறங்கத் தாமதமானது. டார்க் வறுவல் மொறுமொறுவென்று நொறுங்கும் தன்மை கொண்டது. அதே பல் இடைவெளியில் அரைத்தாலும் லைட்டைவிட அதிக மாவுப் பொடி விழும், அது துளைகளை அடைக்கும். 237 கிராம் போட்டபோது பொடிப் படுகை மெல்லியதாக இருந்ததால் இது வெளியே தெரியவில்லை. அரவையை ஒரு புள்ளி பெருவெட்டாக மாற்றியதும் ஓட்டம் சரியானது.

கடைசியில் அவர் நின்ற இடம் 294 இல்லை. அந்த எடையில் டார்க்கின் கசப்பு பாலையும் தாண்டி மேலே நின்றது, சர்க்கரை கூடுதலாகக் கேட்டார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து 270 கிராமில் நிறுத்தினார். அது அவர் வாடிக்கையாளர்களின் நாக்குக்கு ஏற்ற அளவு. எடையில் பேச ஆரம்பித்த பிறகுதான் இப்படி ஒரு முடிவுக்கு வர முடிந்தது, தம்ளரில் இந்த 24 கிராமைப் பிடித்துப் பார்க்க வழியே இல்லை.

கடையில் நின்றுகொண்டிருந்த பெரியவர் ஒருவர், “கருக்க வறுத்தா ஸ்ட்ராங் அதிகம்தானே, ஏன் கூடப் போடணும்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. டார்க்கில் கூடுவது வறுவலின் ருசியும் நிறமும். காபி குடித்தால் தூக்கம் போகக் காரணமான காஃபீன் வறுவலில் பெரிதாக அழிவதில்லை, கூடுவதும் இல்லை. எடைக்கு எடை வைத்தால் லைட்டுக்கும் டார்க்குக்கும் காஃபீனில் பெரிய வித்தியாசம் கிடையாது. மற்ற சரக்கு கொஞ்சம் கருகிப் போவதால் கிராமுக்கு டார்க்கில் ஒரு துளி கூடவே நிற்கலாம். தம்ளருக்குத் தம்ளர் வைத்தால் டார்க்கில் குறைவு. இரண்டு பேர் இதைப் பற்றிச் சண்டை போட்டால் பெரும்பாலும் ஒருவர் கிராமிலும் இன்னொருவர் கரண்டியிலும் பேசிக்கொண்டிருப்பார்கள்.

இந்த எண்கள் எங்கே பொருந்தாது

98, 79 என்ற இரண்டும் இந்தச் சாக்குக்கும் என் டிரம்முக்கும் உரியவை. வேறு கொட்டைக்கு அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

கொட்டை பச்சையாக இருக்கும்போதே அடர்த்தி மாறும். உயரத்தில், குளிர்ச்சியில் விளைந்தது மெதுவாக முற்றும், கெட்டியாக இருக்கும். தோட்டத்தில் பழத்தை முதலில் தண்ணீர்த் தொட்டியில் கொட்டி, மிதப்பதை ஒதுக்குவார்கள். பொக்கும், பூச்சி துளைத்ததும், சரியாக முற்றாததும்தான் மேலே வரும். அது அடர்த்தியை வைத்துச் செய்கிற முதல் சலிப்பு. இதற்கு நேர் எதிரான உதாரணம் மான்சூன் மலபார். மேற்குக் கடற்கரையில் பருவமழைக் காற்றின் ஈரத்தில் வாரக்கணக்கில் பரப்பி வைத்து, பச்சையிலேயே உப்பி வெளுத்த கொட்டை அது. அதை லைட்டாக வறுத்தாலும் தம்ளர் எடை குறைவாகத்தான் காட்டும். ஆகவே ஒரே சாக்குக் கொட்டையின் இரண்டு வறுவல்களை ஒப்பிட்டால்தான் தம்ளர் எடை வறுவலைப் பற்றிப் பேசும். வெவ்வேறு கடையில் வாங்கிய இரண்டு கவர்களை வைத்து, எடை குறைந்தது டார்க் என்று முடிவு கட்ட முடியாது.

வறுக்கும் வேகமும் உண்டு. அதிகச் சூட்டில் சீக்கிரம் வறுத்தால் ஆவி வேகமாகக் கிளம்பிக் கொட்டை அதிகமாக உப்பும். நிறம் ஒன்றாக இருக்கும், நிதானமாக வறுத்ததைவிட அடர்த்தி குறைவாக இருக்கும். எங்கள் பட்டறையில் நிறத்தோடு கூட ஒரு லிட்டர் எடையையும் எழுதி வைப்பதற்கு இதுதான் காரணம். நிறம் சரியாக இருந்து எடை விலகினால், அன்றைக்கு டிரம்மில் சூடு வேறு மாதிரி ஏறியிருக்கிறது என்று அர்த்தம்.

வீட்டில் பொடியாக வாங்கி ஸ்பூனால் போடுகிறவர்களுக்கு இது எவ்வளவு பொருந்தும்? கொட்டைக்குள் இருக்கும் நுண்ணறை ஒரு மில்லிமீட்டரில் முப்பதில் ஒரு பங்கு போலத்தான் இருக்கும். பில்டர் பொடியின் துகள் அதைவிடப் பல மடங்கு பெரியது. அரைத்த பின்பும் ஒவ்வொரு துகளுக்குள்ளும் காலி அறைகள் மிஞ்சியிருக்கும் என்பதால் டார்க் பொடியும் லேசாகத்தான் இருக்கும். ஆனால் பொடியில் வேறு ஒன்று குறுக்கே வரும். டப்பாவை மேடையில் இரண்டு தட்டு தட்டிவிட்டு அள்ளினால் ஸ்பூனில் ஏறும் எடை, அப்போதுதான் சலித்துக் கொட்டிய பொடியை அள்ளுவதைவிட நன்றாகவே கூடும். குவித்த ஸ்பூன், வழித்த ஸ்பூன் வித்தியாசம் அதற்கு மேல். வறுவலால் வரும் வித்தியாசத்தை இவை மூழ்கடித்துவிடும். சிக்கரி கலந்த பொடி என்றால் இந்த ஒப்பீடே நிற்காது.

சிக்கரியைத் தனியாக வாங்கி வீட்டில் கலக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாலு கரண்டி காபிக்கு ஒரு கரண்டி சிக்கரி என்று பழகியிருந்தால், காபியை லைட்டிலிருந்து டார்க்குக்கு மாற்றிய அன்றே கலவை மாறிவிடும். காபி எடை குறைந்து, சிக்கரி எடை அப்படியே நிற்கும். சிக்கரி டிகாஷனுக்குக் கெட்டித் தன்மையும் கறுப்பும் கொடுப்பதால், அண்ணன் கடையில் தெரிந்த மாதிரி நீர்த்துப்போனது கண்ணுக்குத் தெரியாது. காபி வாசனை மட்டும் பின்வாங்கியிருக்கும். கடையில் கலந்து விற்கிற பொடியில் எத்தனை பங்கு காபி, எத்தனை பங்கு சிக்கரி என்று கவர் மேல் எடைக் கணக்கில்தான் அச்சடித்திருக்கும். வீட்டுக் கலவைக்கும் அதே கணக்கில் 80 கிராம் காபிக்கு 20 கிராம் சிக்கரி என்று ஒரு வாரத்துக்கு மொத்தமாக நிறுத்துக் கலந்து வைத்துக்கொண்டால், வறுவல் மாறினாலும் கலவை அசையாது.